உள்ளே இருந்தால் நம்பலாமா?

2024 ஏப்ரல் இறுதியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் சர்வர்களுக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சை தடைபட்டது. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்து நோயாளிகளும் நம்பிப் போகிற மருத்துவமனை அது. சர்வரில் வந்த கோளாறுக்குச் சிகிச்சை ஏன் நிற்க வேண்டும்? யாருக்கு, எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர் என்ற திட்டம் சர்வரிலிருந்துதான் இயந்திரத்துக்கு வருகிறது. திட்டம் வராவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் இயந்திரமும் சும்மா நிற்கும்.

இதற்கு முன்பே, 2022 நவம்பரில், தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல்களைப் பூட்டிவிட்டார்கள். அதற்கான காரணத்தை மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது: நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்கவில்லை. ஓரிடத்தில் நுழைந்தவன் மற்ற இடங்களுக்கும் போக முடிந்தது என்று பொருள்.

அப்படிப் போவது எவ்வளவு சுலபம் என்று பார்ப்போம். ஒரு மருத்துவமனையில் வரவேற்பு மேசை முதல் ஸ்கேன் அறை வரை எல்லாக் கணினிகளுக்கும் 10.20 என்று தொடங்கும் முகவரி என்று வைத்துக்கொள்வோம். நோயாளி விவரங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அவசரத்தில் யாரோ அதன் `pg_hba.conf` கோப்பில் இப்படி ஒரு வரி எழுதிவிட்டார்கள்:

```
host  all  all  10.20.0.0/16  trust
```

இந்த வரிக்குள் 65,536 முகவரிகள் அடங்கும். அவற்றில் எதிலிருந்து வந்தாலும், எந்தப் பயனராகச் சொல்லிக்கொண்டாலும், கடவுச்சொல் கேட்காமலே தரவுத்தளம் திறந்துகொள்ளும். தலைமை நிர்வாகியின் பெயரைச் சொன்னாலும் அப்படித்தான்.

முகவரி என்பது கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் ஓர் எண்தான். அணைத்து வைத்திருக்கும் கணினியின் எண்ணை அதே நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு லேப்டாப்பில் போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் ஆகாது. வரவேற்பாளர் ஒரு போலி மின்னஞ்சலைத் திறந்து வைரஸ் ஏறிவிட்டால் அந்த மோசடிகூடத் தேவையில்லை. வைரஸ் உட்கார்ந்திருப்பது அசல் முகவரியுள்ள அசல் கணினியில். வெளி வாசலில் நிற்கும் ஃபயர்வால் இதைப் பார்ப்பதே இல்லை. வேட்டி கட்டிக்கொண்டு பத்மநாபசுவாமி கோயிலுக்குள் போகிறவர்களுக்கெல்லாம் நிலவறைச் சாவியைக் கொடுப்பதில்லை. அலுவலக நெட்வொர்க்குகளில் கொடுத்துவிடுகிறோம்.

ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் 2010-இல் இதற்கு எதிராக முன்வைத்த கருத்துதான் ஜீரோ டிரஸ்ட். இருக்கும் இடத்தை வைத்து யாரையும் நம்பாதே என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய ஆண்டு சொந்த நெட்வொர்க்குக்குள் ஊடுருவல் நடந்து சூடுபட்ட கூகுள், தன் ஊழியர்களுக்கே இந்த முறையைக் கொண்டுவந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாலும் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தாலும் சோதனை ஒன்றுதான்.

நம் மருத்துவமனையில் அந்த வரி இப்படி மாறும்:

```
hostssl  opd  reception  10.20.4.0/24  scram-sha-256  clientcert=verify-full
```

இப்போது வரவேற்புப் பிரிவின் கணக்கு புறநோயாளித் தரவுத்தளத்தை மட்டும் தொடலாம். கடவுச்சொல் வேண்டும். அந்தக் கணக்கின் பெயருக்கே வழங்கிய மின்சான்றிதழும் கணினியில் இருக்க வேண்டும். முகவரி ஒரு வடிகட்டியாக மிஞ்சுகிறதே தவிர, அதை யாரும் அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கண்ணி உண்டு: போஸ்ட்கிரெஸ் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். பழைய வரியை நீக்காமல் புதியதைக் கீழே சேர்த்தால், புதியதை அது பார்க்கவே பார்க்காது.

இது ஒரு கதவுக்கான வேலை மட்டுமே. முழு ஜீரோ டிரஸ்டில் ஒவ்வொரு செயலிக்கு முன்னாலும் ஒரு காவல் சர்வர் இருக்கும். ஆள் யார், கணினி யாருடையது, அதன் பாதுகாப்பு அப்டேட்கள் போடப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் அது கேட்கும். வரவேற்புக் கணினியில் வைரஸ் ஏறுவதை இது தடுக்காது. வரவேற்பாளர் பார்க்கக்கூடியதை அந்த வைரஸும் பார்க்கும். ஆனால் கதிர்வீச்சுத் திட்டங்கள் இருக்கும் சர்வரிடம் அதன் பேச்சு எடுபடாது.

மருத்துவமனைகளில் உண்மையான தலைவலி பழைய இயந்திரங்கள். வாங்கிப் பல வருடமான ஸ்கேனருக்குச் சான்றிதழ் காட்டத் தெரியாது. அதன் மென்பொருளைத் தொட்டால் தயாரிப்பாளரின் பராமரிப்பு ஒப்பந்தம் சிக்கலாகலாம். அதைத் தனித் துண்டு நெட்வொர்க்கில் வைத்து, ஒரே ஒரு சர்வரோடு மட்டும் பேசவிடுவதே நடைமுறை வழி. அங்கே மட்டும் முகவரியை நம்பும் பழைய பழக்கம் தொடரத்தான் செய்யும். ஆனால் அந்த நம்பிக்கையின் எல்லை இரண்டே இயந்திரங்கள்.

உங்கள் அலுவலகத்தில் போஸ்ட்கிரெஸ் இருந்தால், நிர்வாகியின் அனுமதியோடு வேறொரு கணினியிலிருந்து `psql -h சர்வர்-முகவரி -U postgres` என்று தட்டிப் பாருங்கள். கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விட்டால், அன்றைக்கே அந்த `trust` வரியைத் தேடி நீக்கச் சொல்லுங்கள்.