விருந்துக் கூடத்தின் பின்னால் – 7
எட்டு மணி யாருக்கு?

ஹோட்டலில் ஒரு விருந்து உறுதியானதும் பாங்க்வெட் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் புறப்படும். பி.இ.ஓ. என்றும் எஃப்.பி. என்றும் அதைச் சொல்வார்கள். எத்தனை பேர், என்ன மெனு, கூடம் எப்படி அமைய வேண்டும், எப்போது என்ன நடக்கும் என்ற எல்லாமே அதில் இருக்கும். தாள் ஆங்கிலத்தில் வரும். அடுப்பருகே நிற்பவருக்கும் மேசை போடுபவருக்கும் அது தமிழில் தேவை.

240 பேருக்கான ஒரு வரவேற்பை எடுத்துக்கொள்வோம். தாளில் 'டின்னர் 8.00' என்று இருக்கிறது. அதை 'இரவு உணவு 8.00' என்று எழுதினால் மொழிபெயர்ப்பில் பிழையில்லை. வேலையில் பிழை வரும். சமையலறை எட்டு மணிக்கு உணவை அனுப்பினால் போதும் என்று நினைக்கும். சர்வீஸ் ஆட்களோ எட்டு மணிக்கு மூடியைத் திறக்கக் காத்திருப்பார்கள். விருந்தினர் தட்டோடு நிற்க, வண்டி அப்போதுதான் லிஃப்டில் வந்துகொண்டிருக்கும்.

அதனால் தமிழ்த் தாளில் ஒவ்வொரு நேரத்தோடும் செய்பவரும் செயலும் சேர்ந்து வர வேண்டும். எட்டிலிருந்து பின்னோக்கி எழுதுவது நல்லது. 8.00: விருந்தினருக்கு பஃபே திறப்பு. 7.45: எல்லா உணவும் சேஃபிங் டிஷ்ஷில். 7.30: சமையலறையிலிருந்து உணவு புறப்பாடு. 7.15: சர்வீஸ் ஆட்கள் வெந்நீர் ஊற்றி, எரிபொருளைப் பற்றவைத்தல். கடைசி வரியை விட்டுவிட்டால் சூடாக வந்த குழம்பு குளிர்ந்த பாத்திரத்தில் இறங்கும். சேஃபிங் டிஷ் சூட்டைக் காக்குமே தவிர, ஆறியதைச் சீக்கிரம் சூடாக்காது. பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய உணவு அது.

கூட அமைப்பிலும் இப்படித்தான். தாளில் பத்து பேர் அமரும் வட்ட மேசை, 'ஹாஃப் மூன்' என்று இருக்கும். மேடைக்கு முதுகு காட்டும் பக்கத்தில் நாற்காலி போடாமல், மேசைக்கு ஆறு நாற்காலி மட்டும் போடும் முறை அது. தமிழில் 'வட்ட மேசை' என்று மட்டும் எழுதினால் 24 மேசை போட்டு முடித்துவிடுவார்கள். உண்மையில் வேண்டியது 40. 'மேசைக்கு 6 நாற்காலி, மேடைப் பக்கம் காலி, மொத்தம் 40 மேசை' என்று எழுதிவிட்டால் விரிப்பும் தண்ணீர் பாட்டிலும்கூடச் சரியான கணக்கில் வரும்.

இத்தனை கவனமாக எழுதிய தாளும் ஒரு திருத்தத்தில் கெட்டுப்போகும். மாலையில் வீட்டார் 240-ஐ 280 ஆக்குவார்கள். ஆங்கிலத் தாள் மாறும். சமையலறைச் சுவரில் பழைய தமிழ்த் தாளே தொங்கும். இரண்டு தாளிலும் ஒரே வரி எண், ஒரே திருத்த எண் இருந்தால் இது உடனே தெரிந்துவிடும். புதியதை ஒட்டுபவரே பழையதைக் கிழித்தெடுக்க வேண்டும். பிறகு ஒருவர் ஆங்கிலத் தாளின் எண்களை மட்டும் உரக்க வாசிக்க, இன்னொருவர் தமிழ்த் தாளில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. 280 பேருக்கு 47 மேசை என்பது மாறியிருக்கிறதா, 40 என்றே நிற்கிறதா என்பது அங்கே பிடிபட்டுவிடும்.

(தொடரும்)