குறைந்த நீளத்தில் ஒரு மரம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்

தாளில் சில புள்ளிகள் இருக்கின்றன. எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் செல்லும்படி அவற்றைக் கோடுகளால் இணைக்க வேண்டும். மொத்த நீளம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அவ்வாறு அமைவதை 'மினிமம் ஸ்பேனிங் ட்ரீ' என்பர். இதற்கு ஜோசப் கிரஸ்கல் 1956-இல் வெளியிட்ட முறையை ஈண்டுக் காண்போம்.

அ(0,0), ஆ(2,0), இ(2,1), ஈ(5,1), உ(5,5) என ஐந்து புள்ளிகளைக் கொள்வோம். இவற்றிடையே பத்துக் கோடுகள் வரையலாம். அவற்றை நீளத்தின் ஏறுவரிசையில் அடுக்க வேண்டும். வரிசைக்கு வர்க்கமூலம் தேவையில்லை. நீளத்தின் வர்க்கமே போதும். ஆ–இ 1, அ–ஆ 4, அ–இ 5, இ–ஈ 9, ஆ–ஈ 10, ஈ–உ 16 என வரிசை செல்லும். எஞ்சிய நான்கும் இவற்றினும் பெரியவை.

இனி வரிசைப்படி ஒவ்வொரு கோட்டையும் எடுப்போம். அதன் இரு முனைகளும் ஏற்கெனவே ஒரே கூட்டத்தில் இருந்தால் அது வளையத்தை உண்டாக்கும், தள்ளிவிடலாம். வெவ்வேறு கூட்டமாயின் ஏற்றுக்கொண்டு, இரு கூட்டங்களையும் ஒன்றாக்கலாம்.

ஒரே கூட்டமா என்பதை அறிவது எவ்வாறு? அதற்கே 'யூனியன்-ஃபைண்ட்' அமைப்பு. தொடக்கத்தில் ஒவ்வொரு புள்ளியும் தனக்குத் தானே தலைவன். கூட்டங்கள் சேரும்போது சிறிய கூட்டத்தின் தலைவன் பெரிய கூட்டத்தின் தலைவனுக்குக் கீழ் வருவான். ஆ–இ சேர்ந்ததும் இ-க்கு ஆ தலைவன். அ–ஆ சேர்ந்ததும் அ-வுக்கும் அவனே. ஆகவே அ–இ தள்ளப்படுகிறது. இ–ஈ ஏற்கப்பட, ஈ-யும் ஆ-வின் கீழ் வருகிறது. எனவே ஆ–ஈ தள்ளுபடி. ஈ–உ ஏற்கப்பட்டதும் நான்கு கோடுகள் கிடைத்துவிட்டன. ஐந்து புள்ளிகளுக்கு நான்கே போதும். மொத்த நீளம் 1+2+3+4 = 10. கூட்டும்போது வர்க்கங்களைக் கூட்டலாகாது.

பிழை நேரும் இடம் ஒன்றுண்டு. இ–ஈ கோட்டை ஏற்கும்போது தலைவர்களை இணைக்காமல், இ-யை மட்டும் ஈ-யின் கீழ் வைத்தால் என்ன ஆகும்? இ தன் பழைய கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடும். அ-வும் ஆ-வும் தனியே நிற்கும். அடுத்து வரும் ஆ–ஈ கோட்டின் முனைகள் வெவ்வேறு கூட்டம் போலத் தோன்ற, அது ஏற்கப்படும். ஆ, இ, ஈ வளையமாகிவிடும். கோடுகள் நான்கு ஆகிவிட்டமையால் வேலையும் அத்துடன் நின்றுவிடும், உ தனித்துவிடும். கோடுகளின் எண்ணிக்கை சரியாக இருப்பதால் பிழை தெரியாது. ஆகவே இறுதியில் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே தலைவன்தானா என்றும் பார்த்தல் வேண்டும்.

புள்ளிகள் 1,000 ஆனால் கோடுகள் 4,99,500. காலம் பெரிதும் செலவாவது வரிசைப்படுத்துவதில்தான். டெலானே முக்கோணப் பிரிப்பைச் செய்து அதன் கோடுகளை மட்டும் எடுத்தால் 2,994-க்கு மேற்படா; நாம் தேடும் மரம் அவற்றுள்ளேயே அடங்கியிருக்கும்.