பிஸ்கட்டா, குக்கியா?

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் காலை நேரத்தில் ஓட்டலுக்குப் போய் பிஸ்கட் கேட்டால், டீயில் நனைக்கிற சமாச்சாரம் வராது. மைதா, வெண்ணெய், மோர், பேக்கிங் பவுடர் சேர்த்துச் சுட்ட மெத்தென்ற ரொட்டி ஒன்று வரும். அதன்மேல் பன்றி இறைச்சித் துணுக்குகள் போட்ட வெள்ளைக் குழம்பை ஊற்றித் தருவதும் உண்டு. நம் டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருப்பதற்கு அங்கே குக்கி என்று பெயர். சின்ன கேக் என்ற பொருளுள்ள டச்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. 1796-ல் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட அமெரிக்கச் சமையல் புத்தகத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவரை மடக்குவது இந்த மாதிரிச் சொற்கள்தான். பிரிட்டனில் லாரி, அமெரிக்காவில் டிரக். இங்கே டேப், அங்கே ஃபாசெட். இவற்றில் பெரிய ஆபத்து இல்லை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால், ‘இது வேற்றூர் எழுத்து’ என்று வாசகருக்குத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு நாட்டிலும் புழங்கி, இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கும் சொல்லோ அப்படியல்ல. வாசகர் தவறாகப் புரிந்துகொள்வார், தவறாகப் புரிந்துகொண்டோம் என்பதே தெரியாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார். கணினியின் எழுத்துப்பிழை திருத்தியும் கை கொடுக்காது. அது ‘கலர்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து கூடினால் சிவப்புக்கோடு போடும். பிஸ்கட்டுக்கு எந்த நாட்டிலும் கோடு விழாது.

ஒரு வரியை எடுத்துப் பார்க்கலாம்: ‘சேகர் பேன்ட்டை மாட்டிக்கொண்டு முதல் மாடி ஃபிளாட்டிலிருந்து இறங்கி வந்தார். நடைபாதையில் நின்றபடி டீயில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றார்.’

பேன்ட்டிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. அமெரிக்கருக்கு பேன்ட்ஸ் என்றால் நாம் நினைக்கும் அதே பேன்ட். லண்டன்காரருக்கோ அது ஜட்டி. (வட இங்கிலாந்தின் சில பகுதிகளில் மேலே போடுவதையும் அப்படிச் சொல்வார்கள், ஆனால் அதை நம்பி எழுத முடியாது.) பிரிட்டிஷ் வாசகருக்கு எழுதினால் ட்ரௌசர்ஸ் என்றுதான் எழுத வேண்டும். தமிழில் டிரவுசர் என்றால் அரைக்கால் சட்டை. ‘டிரவுசர் போட்ட பையன்’ என்ற தமிழ் வரியை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினால், பையனுக்கு முழுக்கால் பேன்ட் போட்டுவிட்டதாகிவிடும். அங்கே ஷார்ட்ஸ் என்பதே சரி. பனியனிலும் இதே வம்புதான். பிரிட்டனில் அது வெஸ்ட். அமெரிக்காவில் வெஸ்ட் என்பது சட்டைக்கு மேலே, கோட்டுக்கு உள்ளே போடும் கையில்லாத உடுப்பு. வெயிலில் பனியனோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா, அமெரிக்க வாசகர் கண்ணுக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி தெரிவார்.

அடுத்தது ஃபிளாட். பிரிட்டனில் ஃபிளாட், அமெரிக்காவில் அபார்ட்மென்ட். தமிழில் எழுதியவர் ‘பிளாட்’ என்று எழுதியிருந்தால் அதற்கு முன்பே ஒரு கேள்வி எழுகிறது. வீட்டுமனைக்கும் நாம் பிளாட் என்றே எழுதுகிறோம். ‘தாம்பரத்தில் ஒரு பிளாட் வாங்கினார்’ என்றால் வாங்கியது மனையா, அடுக்குமாடி வீடா? முன்பின் பத்திகளைப் பார்க்காமல் எந்த நாட்டு ஆங்கிலத்திலும் அதை எழுத முடியாது.

இந்த வரியில் யாரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் ‘முதல் மாடி’. நமக்கும் பிரிட்டிஷாருக்கும் தரைத்தளம் தனி; அதற்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி. அமெரிக்காவில் பொதுவாகத் தரைத்தளத்தையே ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்பார்கள். எனவே சேகரின் வீடு அவர்கள் கணக்கில் செகண்ட் ஃப்ளோர். கதையில் இது சின்ன விஷயம். ஒருவர் ‘முதல் மாடியிலிருந்து விழுந்தார்’ என்ற வாக்குமூலத்தை அமெரிக்க வக்கீலுக்காக மொழிபெயர்க்கும்போது, விழுந்த உயரமே மாறிவிடும். அத்தகைய ஆவணத்தில் ‘தரைத்தளத்துக்கு ஒரு மாடி மேலே’ என்று விரித்து எழுதுவதுதான் பாதுகாப்பு. ஆனால் அதே ஆவணத்தில் வீட்டு முகவரி வந்தால் அதில் கை வைக்கக்கூடாது. முகவரி என்பது பெயர் மாதிரி. முதல் மாடி என்று பதிவாகியிருந்தால், படிப்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ஃபர்ஸ்ட் ஃப்ளோர்தான்.

நடைபாதை பிரிட்டனில் பேவ்மென்ட், அமெரிக்காவில் சைடுவாக். அமெரிக்கர் பேவ்மென்ட் என்று சொல்வது வண்டி ஓடும் தார்ப்பரப்பை. நடைபாதையில் படுத்துத் தூங்குபவரை அந்தச் சொல் நடுரோட்டுக்கு நகர்த்திவிடும்.

ஆக, சேகர் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ட்ரௌசர்ஸ் மாட்டி, ஃபர்ஸ்ட் ஃப்ளோர் ஃபிளாட்டிலிருந்து பேவ்மென்ட்டுக்கு வருகிறார். அமெரிக்க ஆங்கிலத்தில் பேன்ட்ஸ் மாட்டி, செகண்ட் ஃப்ளோர் அபார்ட்மென்ட்டிலிருந்து சைடுவாக்குக்கு வருகிறார். இரண்டையும் கலந்தால்தான் வினை. நம்மவர் கைக்கு இயல்பாக வருவதும் அந்தக் கலவைதான், ஏனென்றால் லிஃப்ட், டார்ச், பெட்ரோல் என்று நாம் பேசுவதெல்லாம் பிரிட்டிஷ் வழி. பேன்ட் மட்டும் அமெரிக்கப் பொருளில் நிற்கிறது. சில சொற்கள் இரண்டு பக்கமும் சேராது. காரின் டிக்கி இன்றைய பிரிட்டனில் பூட், அமெரிக்காவில் டிரங்க். மாற்றுச் சக்கரத்துக்கு நாம் சொல்லும் ஸ்டெப்னி, வேல்ஸின் லனெத்லி ஊரிலுள்ள ஸ்டெப்னி தெருவின் பெயர். 1904-ல் அங்கே தொடங்கிய நிறுவனம் விற்ற சக்கரம் அது. இன்று லண்டன் மெக்கானிக்கிடம் சொன்னால் விழிப்பார்.

பிஸ்கட் மட்டும் பாக்கி. அமெரிக்கப் பதிப்பு என்பதற்காகச் சேகரின் கையில் குக்கியைக் கொடுக்க வேண்டுமா? விளம்பரமோ சமையல் குறிப்போ என்றால் கொடுக்கலாம். கதையில் கொடுத்தால், சாக்லேட் துண்டு பதித்த பெரிய வட்டம் ஒன்று சென்னை டீக்கடைக்கு வந்து சேரும். கதை நடக்கும் ஊர் கரைந்துவிடும். ‘டீயில் நனைத்து’ என்று பக்கத்திலேயே இருப்பதால் பிஸ்கட்டை அப்படியே விடலாம். தேவையானால் மாரி என்று முன்னால் சேர்க்கலாம். 1874-ல் ஒரு ரஷ்ய இளவரசி பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோது, லண்டன் நிறுவனம் ஒன்று அவர் பெயரில் சுட்ட பிஸ்கட் அது.

பதிப்பாளர்களும் இந்த இடத்தில் தயங்கியவர்கள்தான். ஹாரி பாட்டர் முதல் நூல் 1998-ல் அமெரிக்காவில் வந்தபோது தலைப்பே மாறியது. உள்ளே ஜம்பர் ஸ்வெட்டர் ஆனது, ஷெர்பட் லெமன் என்ற மிட்டாய் லெமன் டிராப் ஆனது. 

வேலை வாங்கும்போதே யார் படிப்பார்கள் என்று கேட்டுவிடுவது தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கம். மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் en-GB, en-US என்று குறியீடாகவே தந்துவிடும். சென்னையிலோ டெல்லியிலோ அச்சாகும் நூலென்றால் en-IN; அங்கே ஃபிளாட்டும் முதல் மாடியும் பேன்ட்டும் ஒரே வரியில் சேர்ந்து நிற்கலாம், படிப்பவர் குழம்ப மாட்டார். பிறகு பேன்ட்ஸ், வெஸ்ட், ஃப்ளோர், பேவ்மென்ட் என்று இருபொருள் சொற்களுக்கு ஒரு தாள் போட்டு, வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். மொத்தமாக மாற்றும் வசதியை மட்டும் தொடக்கூடாது. பிரிட்டனின் லேபர் கட்சியும் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் துறைமுகமும் எந்த நாட்டு அச்சிலும் தங்கள் எழுத்தோடுதான் வர வேண்டும். ஒரே சொடுக்கில் இரண்டு பெயரும் கெட்டுப்போகும்.