கரிசலில் வீடு: மண் அறிக்கையை எப்படிப் படிப்பது?

மாடி வீடு கட்டப்போகிறவர்கள் மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள். அங்கே மண்ணின் தாங்குதிறன் ஓர் எண்ணாக இருக்கும். அதை என்ஜினீயரிடம் கொடுத்துவிட்டு அறிக்கையைப் பீரோவில் வைத்துவிடுவார்கள். கரிசல் பூமியில் அந்த எண்ணை மட்டும் நம்பினால் வீடு விரிசல் விடும். ஏன் என்பதற்கு, கோவில்பட்டிப் பக்கம் தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டும் வீட்டுக்கு வரக்கூடிய அறிக்கை ஒன்றை மாதிரியாக வைத்துப் பார்ப்போம்.

மனையின் இரு மூலைகளில் இரண்டு துளைகள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு பக்கம். எந்த ஆழத்தில் என்ன மண் என்று மேலிருந்து கீழாக எழுதியிருக்கும். முதல் துளையில் 2.4 மீட்டர் வரை கரிசல், அதன்கீழ் சுக்கான் கலந்த மண், 4.5 மீட்டரில் பாறை.

மண் வகைக்குப் பக்கத்தில் ‘N’ என்றொரு எண் இருக்கும். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, துளைக்குள் ஒரு குழாயை மூன்று முறை 15 செ.மீ. வீதம் இறக்குவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது. அடுத்த இரண்டுக்கும் விழுந்த அடிகளின் கூட்டுத்தொகைதான் N. இங்கே 1.5 மீட்டர் ஆழத்தில் 3, 4, 5 அடிகள். எனவே N 9. 3 மீட்டரில் 8, 11, 13, N 24. பாறையில் 50 அடி அடித்தும் குழாய் 8 செ.மீ.தான் இறங்கியது.

இதையும் ஆய்வகச் சோதனைகளையும் வைத்து, மண் உடைந்து கொடுக்கும் சுமையைக் கணக்கிட்டு, அதை 2.5 அல்லது 3 ஆல் வகுப்பார்கள். கட்டடம் எவ்வளவு அமுங்கும் என்றும் பார்ப்பார்கள். இரண்டில் குறைவானதே தாங்குதிறன். நம் அறிக்கையில் 1.5 மீட்டரில் சதுர மீட்டருக்கு 12 டன், 2.7 மீட்டரில் 18 டன். ஒரு பில்லருக்கு 36 டன் சுமை வந்தால், 12 டன் மண்ணில் அடித்தளம் 3 சதுர மீட்டர் வேண்டும். பக்கத்துக்கு 1.75 மீட்டர் இருந்தால் போதும். அப்படியானால் 1.5 மீட்டரிலேயே முடித்துவிடலாமே? அறிக்கை வேண்டாம் என்கிறது.

காரணம் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. உலர்ந்த மண்ணைப் பொடித்துச் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அங்கே 11 மி.லி. இருந்த மண் தண்ணீரில் 20 மி.லி. ஆகியிருக்கிறது, அதாவது 82 சதவீத உப்பல். 50 சதவீதத்தைத் தாண்டினாலே உஷாராக வேண்டும்.

இந்தக் கரிசல் சுமையைத் தாங்கத்தான் செய்யும். ஆனால் ஐப்பசி மழையில் உப்பி வீட்டைத் தூக்கும், கோடையில் சுருங்கிக் கீழே விடும். வீட்டின் ஓரத்தில் ஈரம் ஏறி இறங்கும் அளவுக்கு நடுவில் ஏறி இறங்காது. அதனால் ஓரமும் நடுவும் ஒன்றுபோல அசையாமல், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. ஒரு மாடி வீட்டின் எடை இந்த உப்பலை அடக்கப் போதாது. 12 டன் என்ற எண்ணில் இது எதுவும் தெரியாது. போதாததற்குத் துளை மே மாதத்தில் போட்டது. மழை முடிந்து போட்டிருந்தால் அதே கரிசல் இளகி, N இன்னும் குறைந்திருக்கும்.

அதனால் பரிந்துரை இப்படி இருக்கிறது: அடித்தளம் 2.7 மீட்டர் ஆழத்தில், அல்லது சுக்கான் மண்ணுக்குள் 30 செ.மீ. இறங்கிய பிறகு, இரண்டில் எது ஆழமோ அது. தோண்டிய கரிசலைத் திரும்பக் கொட்டாமல் கிராவல் போட்டு இறுக்க வேண்டும். பில்லர்களைக் கட்டும் பிளிந்த் பீமுக்கு அடியில் கரிசல் உப்ப இடைவெளி விட வேண்டும். வீட்டைச் சுற்றி மழைநீர் இறங்காதபடி சரிவான தளம் போட வேண்டும். கரிசல் இன்னும் ஆழமாகப் போயிருந்தால், அடியில் குமிழ்போல அகன்ற சிறு பைல்களைச் சொல்லியிருப்பார்கள்.

‘எது ஆழமோ அது’ என்பதைக் கொத்தனாரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது துளையில் கரிசல் 2.9 மீட்டர் வரை இருக்கிறது. எல்லாக் குழியையும் 2.7 மீட்டரோடு நிறுத்தினால் அந்த மூலை மட்டும் கரிசல்மேல் உட்காரும், அங்கே 3.2 மீட்டர் போக வேண்டும். ஆழம் எந்த மட்டத்திலிருந்து என்பதையும் கேளுங்கள். மனையை மேடாக்க 60 செ.மீ. மண் அடித்திருந்தால் அந்த 60 செ.மீ.யும் கூட வரும்.

அறிக்கையே நம்பகமானதா? துளை போட்ட இடம் வரைபடத்தில் இருக்க வேண்டும். தேதியும் நிலத்தடி நீர் மட்டமும் இருக்க வேண்டும். இரண்டு துளைகளிலும் எண்கள் அச்சாக ஒன்றுபோல இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். கான்கிரீட் போடும் முன் குழியில் இறங்கி, அடியில் கறுப்பு மண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அறிக்கை சொன்ன ஆழம் இன்னும் வரவில்லை.