ஃபேஸ்புக் கணக்கின் முழு நகல்

ஃபேஸ்புக்கில் ஒருவர் சேர்த்துவைத்த பதிவுகளையும் படங்களையும் ஜிப் கோப்பாகப் பெற முடியும். அமைப்புகளில் Accounts Center பக்கத்தைத் திறந்து, Your information and permissions என்ற பகுதிக்குள் இதற்கான கோரிக்கையை அளிக்க வேண்டும். அங்கே கால அளவாக All time என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பழைய ஆண்டுகள் விடுபட்டுப்போகலாம். கோப்பு தயாரானதும் மின்னஞ்சல் வரும். பதிவிறக்கும் வசதி சில நாட்களுக்கே இருக்கும்.

கோப்பு வடிவத்தில் தமிழர்கள் கவனமாக இருக்க வேண்டும். HTML வடிவம் உலாவியில் திறந்ததும் தமிழை ஒழுங்காகக் காட்டும். JSON வடிவத்திலோ 'அ' என்ற ஒற்றை எழுத்து இப்படிப் பதிவாகிறது:

```
\u00e0\u00ae\u0085
```

ஓர் எழுத்துக்குரிய 3 பைட்டுகள் 3 தனி எழுத்துகளாக எழுதப்படுவதே காரணம். எதுவும் அழியவில்லை, அவற்றை மீண்டும் பைட்டுகளாக்கி UTF-8 ஆக வாசித்தால் தமிழ் திரும்பிவிடும்.

தொகுப்பில் பதிவுகளோடு தேடிய சொற்கள், உள்நுழைந்த நேரங்கள், ஐபி முகவரிகள், விளம்பரத்துக்காகக் கணிக்கப்பட்ட விருப்பங்கள் ஆகியவையும் இருக்கும். பிற தளங்களும் செயலிகளும் அனுப்பிய தகவல்களையும் அதில் காணலாம்.

நண்பர்கள் தங்கள் பக்கத்தில் ஏற்றிய படங்கள் இதில் வராது. முழுமையாக மறையாக்கம் செய்யப்பட்ட மெசஞ்சர் உரையாடல்களைத் தனியே பதிவிறக்க வேண்டும். 2023 டிசம்பர் முதல் தனிப்பட்ட உரையாடல்கள் படிப்படியாக அந்த முறைக்கு மாறியதால், கணக்கை நீக்குவோர் இரண்டு நகல்களையும் திறந்து பார்த்த பிறகே நீக்க வேண்டும்.