பூட்டை உடைத்தது யார்?

“வீட்டின் பூட்டை உடைத்து, பீரோவில் இருந்த 10 பவுன் நகை திருடப்பட்டது.” இப்படி ஒரு வாக்கியத்தை நாளிதழில் படித்தால் யாரும் நிற்பதில்லை. ஆனால் இலக்கணப்படி இங்கே பூட்டை உடைத்தது நகைதான்.

‘உடைத்து’, ‘எழுதி’, ‘போய்’ போன்ற எச்சங்கள் தமக்கென்று எழுவாயைச் சொல்வதில்லை. வாக்கியத்தின் கடைசி வினைக்கு யார் எழுவாயோ அவரையே தாமும் எடுத்துக்கொள்ளும். செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் வினைமுதலின் வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்று தொல்காப்பியமே விதிக்கிறது.

பிழையைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். முதலில் கடைசி வினையைப் பிடித்து, அதன் எழுவாயைத் தேடுங்கள். ‘திருடப்பட்டது’, எது? நகை. அந்த எழுவாயை எச்சத்தோடு சேர்த்து, முழு வாக்கியமாக்கிப் படியுங்கள்: “நகை பூட்டை உடைத்தது.” பொருள் சிதறினால் பிழை உறுதி. எழுவாய் வெளிப்படையாக இல்லாமலும் இருக்கலாம், அதில் தவறில்லை. “பூட்டை உடைத்து நகையைத் திருடிச் சென்றனர்” என்றால், ‘சென்றனர்’ என்ற வினையின் விகுதியே ஆட்களைக் காட்டிவிடுகிறது. உடைத்தவர்களும் அவர்களே.

இந்தப் பிழைக்குப் பெரும்பாலும் காரணம் ‘பட்டது’தான். “போலீசார் வழக்குப்பதிவு செய்து, இருவர் கைது செய்யப்பட்டனர்” என்பதைப் பாருங்கள். போலீசாரை மனத்தில் வைத்துத் தொடங்கிய கை, பாதி வழியில் செயப்பாட்டு வினைக்குத் தாவிவிட்டது. “இருவரைக் கைது செய்தனர்” என்று முடித்தால் வாக்கியம் நேராகிவிடும். செய்தவரைச் சொல்ல முடியாவிட்டால் எச்சத்தையே கைவிடலாம்: “பூட்டு உடைக்கப்பட்டிருந்தது, 10 பவுன் நகையைக் காணவில்லை.”

சோதனையில் தோற்கும் எல்லாமே பிழையல்ல. “மழை பெய்து குளம் நிறைந்தது” என்பதில் பெய்தது மழை, நிறைந்தது குளம். ‘மழை பெய்ய’ என்பதே இங்கே ‘பெய்து’ எனத் திரிந்து நிற்கிறது என்று இலக்கண நூலார் அமைதி சொல்வார்கள். “கால் ஒடிந்து விழுந்தான்” என்பதில் உறுப்பின் வினை அந்த உறுப்பை உடையவனின் வினையோடு முடிகிறது, அதுவும் மரபே. இரண்டிலும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். எச்சத்தின் எழுவாய் அருகிலேயே பெயரோடு நிற்கிறது. நகை வாக்கியத்தில் அப்படி யாரும் இல்லை.

‘உடைத்ததும்’, ‘உடைத்தபோது’, ‘உடைத்தால்’ போன்றவை வேறு எழுவாயையும் ஏற்கும் என்பதால் இந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது. “பள்ளியிலிருந்து திரும்பியபோது நாய் கடித்தது” என்றால் திரும்பியது நாயல்ல என்று எவருக்கும் புரியும். “பள்ளியிலிருந்து திரும்பியபோது ஆசிரியர் மாணவனைப் பார்த்தார்” என்றால்தான் சிக்கல்: இருவருமே திரும்பக்கூடியவர்கள். அங்கே கேட்க வேண்டியது, இந்தச் செயலை வாக்கியத்தில் உள்ள எத்தனை பேர் செய்திருக்க முடியும் என்பதை. விடை ஒன்றுக்கு மேல் வந்தால், “மாணவன் பள்ளியிலிருந்து திரும்பியபோது” என்று பெயரை முன்னால் வைத்துவிடுங்கள்.