இரவல் சுவடியின் ஓரத்தில் ஒரு குறிப்பு

பழைய கையெழுத்துப் பிரதிகளின் ஓரங்களிலும் அடியிலும் பிற்காலத்தார் எழுதிவைத்த குறிப்புகள், சில சமயம் மூலபாடத்தைவிட அதிகமான செய்தியைத் தருகின்றன. இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'சினாய் சுவடி'. நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பதப்படுத்திய தோலில் எழுதப்பட்ட விவிலியம் இது. புதிய ஏற்பாடு முழுமையாக இருக்கும் மிகப் பழைய பிரதியும் இதுவே. இதன் ஏடுகளில் ஒரு பகுதியை முதலில் கண்டெடுத்தவர் கான்ஸ்டன்டின் திஷன்டார்ஃப் என்ற ஜெர்மானிய ஆய்வாளர். அப்போது அவருக்கு வயது 29.

திஷன்டார்ஃப் 1815இல் சாக்சனி நாட்டில் பிறந்தவர். புதிய ஏற்பாட்டின் பழைய பிரதிகளை ஒப்புநோக்கி, பாடபேதங்களைக் களைந்து, மூலபாடத்துக்கு நெருங்கிய பதிப்பு ஒன்றை உருவாக்குவதே அவர் நோக்கம். இதற்காகப் பிரதிகளைத் தேடி 1844இல் எகிப்தின் சினாய் மலையடிவாரத்தில் உள்ள புனித கத்தரீனாள் மடத்துக்குப் போனார். எரிப்பதற்காகக் கூடையில் போட்டு வைத்திருந்த 129 ஏடுகளைக் கண்டதாகவும், அவற்றில் 43 ஏடுகள் தமக்குக் கிடைத்ததாகவும் அவர் பின்னாளில் எழுதினார். எரிக்கப்போன கதையை மடத்தார் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அந்த 43 ஏடுகள் அவருடன் லைப்சிக் நகருக்கு வந்து சேர்ந்தன என்பதில் ஐயமில்லை. 1846இல் அவற்றை எழுத்துக்கு எழுத்து கல்லச்சில் வெளியிட்டார். பயணத்துக்குப் பணம் தந்த சாக்சனி மன்னரின் பெயரை அதற்குச் சூட்டினார். கிடைத்த இடத்தை மட்டும் சொல்லாமல் மறைத்துவிட்டார்.

மீதி ஏடுகளை அவர் பார்த்தது 1859இல், ரஷ்யப் பேரரசரின் ஆதரவுடன் மூன்றாம் முறை மடத்துக்குப் போனபோது. சுவடி கெய்ரோவில் மடத்துக்குச் சொந்தமான இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே எட்டு எட்டு ஏடுகளாக அவருக்கு இரவல் கொடுத்தார்கள். நகரில் இருந்த ஒரு ஜெர்மானிய மருத்துவரையும் ஒரு மருந்துக்கடைக்காரரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, சுமார் 1,10,000 வரிகளை இரண்டு மாதங்களில் படியெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், மடத்தார் கேட்டதும் பழுதின்றித் திருப்பித் தருவதாக ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுச் சுவடியை ரஷ்யாவுக்கு எடுத்துப் போனார். அந்த இரவல் மடத்துக்குத் திரும்பி வரவே இல்லை. 1869இல் மடத்துத் தலைமை அதை ரஷ்யப் பேரரசருக்குக் கொடையாக எழுதிக் கொடுத்தது. மடத்துக்கு 9,000 ரூபிள் தரப்பட்டது. அந்த ஒப்பந்தம் மனமுவந்து செய்யப்பட்டதா என்ற சர்ச்சை ஓயவில்லை.

ஓரக் குறிப்புகளில் சுவையானவை இரண்டு, 1844இல் கிடைத்த அந்த 43 ஏடுகளிலேயே இருக்கின்றன.

முதலாவது, ஒரு பிழையைச் சுட்டிக்காட்டும் குறிப்பு. ஓரிடத்தில் நாளாகமம் முதலாம் புத்தகத்தின் 19ஆம் அதிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சீரியரோடு போரிடத் தாவீது யோர்தானைக் கடக்கும் இடம் அது. ஆனால் வரி முடிவதற்குள்ளேயே, எந்த அடையாளமும் இல்லாமல், எஸ்றாவின் புத்தகம் 9ஆம் அதிகாரத்துப் பிரார்த்தனை தொடங்கிவிடுகிறது. போர்க்களத்தில் புறப்பட்ட வாக்கியம் மன்றாட்டில் போய் முடிகிறது. எழுதியவர் இதைக் கவனிக்கவே இல்லை. அவர் பார்த்து எழுதிய பிரதியில் நாளாகமத்தின் சில ஏடுகள் இடம் மாறி எஸ்றாவுக்கு நடுவே கட்டப்பட்டிருக்க வேண்டும். அவர் பொருளைப் பாராமல் அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறார். நடுவரியில் பாடம் மாறுவதே இதற்குச் சான்று. இந்தச் சுவடியின் ஏடுகளே இடம் மாறியிருந்தால், முறிவு ஏட்டின் தொடக்கத்திலோ முடிவிலோதான் வந்திருக்கும்.

பின்னால் வந்த ஒரு திருத்துநர் இதைக் கண்டுபிடித்தார். பாடம் மாறும் இடத்தில் மூன்று சிலுவைக் குறிகள் போட்டார். மூன்று சிலுவைகள் உள்ள இடத்தோடு, எஸ்றாவைச் சேராத உபரியான ஏழு ஏடுகள் முடிகின்றன என்று அடியில் எழுதிவைத்தார். இந்தக் குறிப்பு, சுவடியை ஒருவர் பொருளுணர்ந்து முழுக்கப் படித்தார் என்பதைக் காட்டுகிறது. தவறான பகுதியை அவர் சுரண்டி அழிக்கவில்லை. அதனால்தான் பிழை எப்படி நேர்ந்தது என்பதை இன்றும் ஆராய முடிகிறது.

இரண்டாவது குறிப்பு எஸ்தர் புத்தகத்தின் முடிவில் இருக்கிறது. இதுவே புகழ்பெற்றது. இந்தப் பிரதி மிகப் பழைய இன்னொரு பிரதியோடு ஒப்புநோக்கப்பட்டது என்று தொடங்கும் அக்குறிப்பு, அந்தப் பழைய பிரதி மறைசாட்சி பாம்பிலஸ் தம் கையால் திருத்தியது என்கிறது. அதன் கடைசியில் பாம்பிலஸ் எழுதியிருந்த குறிப்பையும் அப்படியே படியெடுத்துக் கொடுக்கிறது. அதன்படி, ஒரிஜன் திருத்திய ஹெக்சாப்லா என்ற நூலைப் பார்த்து அந்தோனீனுஸ் ஒப்புநோக்கினார், பாம்பிலஸ் திருத்தினார். வேலை நடந்த இடம் சிறைச்சாலை. இதைப் போன்ற பிரதி இன்னொன்று எளிதில் கிடைக்காது என்றும் பாம்பிலஸ் அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறார். கடைசியாகத் திருத்துநர் தம் கருத்தைச் சேர்க்கிறார்: பழைய பிரதியும் இந்தப் பிரதியும் வேறுபடுவது ஆட்பெயர், ஊர்ப்பெயர்களில்தான்.

இதில் வரும் பெயர்கள் வரலாற்றில் நன்கு தெரிந்தவை. ஒரிஜன் மூன்றாம் நூற்றாண்டு அறிஞர். எபிரேய மூலத்தையும், அதன் ஒலியைக் கிரேக்க எழுத்தில் பெயர்த்ததையும், நான்கு கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் அருகருகே வைத்து அவர் தொகுத்ததே ஹெக்சாப்லா. பாலஸ்தீனக் கடற்கரையில் உள்ள செசரியா நகரத்து நூலகத்தில் அது இருந்தது. அந்த நூலகத்தை வளர்த்தவர் பாம்பிலஸ். ரோமப் பேரரசு கிறிஸ்தவர்களை வேட்டையாடிய காலத்தில் 307இல் அவர் சிறைப்பட்டார்; ஓரிரு ஆண்டுகளில் கொல்லப்பட்டார். ஆகவே பாம்பிலஸ் பிரதியைத் திருத்திய காலத்தைக் குறிப்பே வரையறுத்துக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் குறிப்பை எழுதிய காலம் வேறு. அதைக் கையெழுத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சுவடியை முதலில் எழுதியவர்களின் எழுத்துகள் நிமிர்ந்தவை, ஒரே சீரானவை. பக்கத்துக்கு நான்கு பத்திகளாக ஒழுங்காக அமைந்தவை. குறிப்பின் எழுத்துகள் சிறியவை, வடிவத்தில் பிற்பட்டவை. திஷன்டார்ஃப் சுவடியில் பல கைகளைப் பிரித்தறிந்து, இந்த வகைத் திருத்துநர்களை ஏழாம் நூற்றாண்டில் வைத்தார். ஐந்தாம் நூற்றாண்டுக்கும் ஏழாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலம் என்பது பின்வந்தோரின் மதிப்பீடு. எழுத்து வடிவத்தைக் கொண்டு இதைவிடத் துல்லியமாகச் சொல்வது கடினம். முதியவர் ஒருவர் தம் இளமையில் கற்ற எழுத்தையே கடைசிவரை எழுதுவார்.

குறிப்பிலிருந்து எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்யக்கூடாது என்பதில்தான் ஆய்வாளர் பலர் இடறியிருக்கிறார்கள். பாம்பிலஸின் பெயரைக் கண்டதும் சுவடியே செசரியாவில் எழுதப்பட்டது என்று சொல்லிவிடத் தோன்றும். குறிப்பு அப்படிச் சொல்லவில்லை. எழுதி இருநூறு, முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின் சுவடி ஒரு திருத்துநரின் கையில் இருந்தது, அவரிடம் பாம்பிலஸின் பிரதியும் இருந்தது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. அந்தப் பிரதி அப்போதும் செசரியாவில் இருந்திருந்தால், சுவடியும் அங்கே வந்து போயிருக்கலாம். அதற்குமேல் போவது ஊகம். இன்னொரு எல்லையும் உண்டு. பாம்பிலஸின் பிரதி சாமுவேல் முதலாம் புத்தகத்தில் தொடங்கி எஸ்தரில் முடிந்தது என்று குறிப்பே சொல்கிறது. ஆகையால் சங்கீதங்களிலோ சுவிசேஷங்களிலோ உள்ள திருத்தங்களுக்கு இந்தக் குறிப்பைச் சான்றாகக் காட்ட முடியாது.

கண்ணால் மட்டும் பார்த்துக் கைகளைப் பிரிப்பதில் உள்ள இடர்ப்பாட்டுக்கு, இரவல் வந்த பகுதியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. யோவான் சுவிசேஷத்தின் கடைசி வசனம் வேறு கையால் எழுதப்பட்டது என்று திஷன்டார்ஃப் கருதினார். மற்றவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. சுவடியைச் சோவியத் அரசிடமிருந்து 1933இல் 1,00,000 பவுனுக்குப் பிரிட்டன் வாங்கிய பிறகு, மில்ன், ஸ்கீட் என்ற இரு அறிஞர்கள் அந்தப் பக்கத்தைப் புற ஊதா ஒளியில் ஆராய்ந்தார்கள். எழுதியவர் கடைசி வசனத்துக்கு முந்தைய வசனத்தோடு புத்தகத்தை முடித்து, முடிவு அலங்காரமும் வரைந்திருக்கிறார். பிறகு அதை அழித்துவிட்டு விடுபட்ட வசனத்தை அவரே சேர்த்திருக்கிறார். திஷன்டார்ஃபின் கண் வேறுபாட்டைச் சரியாகவே கண்டது. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தவறு. 1938இல் இது நூலாக வந்தது.

இன்று சுவடி நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கிறது. லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் 43 ஏடுகளும், லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் 347 ஏடுகளும் உள்ளன. மடத்திலும் ரஷ்யாவின் தேசிய நூலகத்திலும் எஞ்சிய ஏடுகளும் துணுக்குகளும் இருக்கின்றன. மடத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை 1975இல் அங்கே கண்டெடுக்கப்பட்டவை. நான்கு நிறுவனங்களும் சேர்ந்து எல்லா ஏடுகளையும் படமெடுத்து, 2009 முதல் codexsinaiticus.org என்ற தளத்தில் கட்டணமின்றிப் பார்க்க வைத்திருக்கின்றன. மூன்று சிலுவைக் குறிகளையும் எஸ்தர் முடிவில் உள்ள குறிப்பையும் யார் வேண்டுமானாலும் அங்கே பெரிதாக்கிப் பார்க்கலாம். மூலபாடத்தை மட்டும் அச்சிட்டு இத்தகைய குறிப்புகளை விட்டுவிடும் பதிப்பு, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அரைகுறைப் பதிப்புதான்.